தேங்காய் எண்ணெயில் பழகாத தோசைக்கல்

"குளச்சல் பக்கம் எங்கள் வீடு. மாமியார் புழங்கிய இரும்புத் தோசைக்கல் நாலு வருஷமாகச் சாய்ப்பில் கிடந்தது. மேலே செந்துரு, விளிம்பிலும் அடியிலும் கட்டிக் கட்டியாகக் கரி. தேய்த்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, அடுப்பில் வைத்துப் பழக்கினேன். பிசுபிசு என்று ஆகிவிட்டது, தோசை எடுக்க வரவில்லை, மாவில் கறுப்பும் ஒட்டுகிறது. இதை மறுபடி சரி செய்ய முடியுமா, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடவா?"

போட வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். கல்லின் கைப்பிடியை அல்லது காதை விரலில் தொங்கவிட்டு, இன்னொரு கையால் ஒரு கரண்டிக் காம்பை வைத்து விளிம்பில் தட்டுங்கள். மணி போல ஓசை நீண்டு ஒலித்தால் கல் முழுசாக இருக்கிறது. 'டொக்' என்று உடனே அடங்கினால் எங்கோ கீறல் விட்டிருக்கலாம். கரி அப்பியிருந்தாலும் ஓசை கொஞ்சம் மழுங்கும் என்பதால், சந்தேகமாக இருந்தால் கரியை எடுத்த பிறகு இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள். கீறல் விட்ட வார்ப்பிரும்புக் கல் சூட்டில் என்றைக்காவது இரண்டாகப் பிளக்கும். அதை மட்டும்தான் பழைய இரும்புக்குப் போட வேண்டும். துரு, கரி, பிசுபிசுப்பு மூன்றுக்கும் வழி இருக்கிறது.

பிசுபிசுப்புக்கு இரண்டு காரணம். ஒன்று, கரியையும் துருவையும் முழுசாக எடுக்காமல் அதன் மேலேயே எண்ணெய் தடவியது. இன்னொன்று, தேங்காய் எண்ணெய். நம் பக்கத்தில் அடுக்களையில் கை நீட்டினால் வருவது தேங்காய் எண்ணெய்தான் என்பதால் இந்தத் தவறு வீட்டுக்கு வீடு நடக்கிறது. கல்லைப் பழக்குவது என்றால் இரும்புக்குள் எண்ணெய் ஊறுவது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு அப்படி எண்ணெய் குடிக்காது. மெல்லிசாகத் தடவிய எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் இறுகி, இரும்பின் மேல் அரக்கு போல ஒரு படலமாக மாறுகிறது. அப்படி மாறிய பிறகு அது எண்ணெயே இல்லை. சோப்பு போட்டாலும் போகாது. இப்படி இறுகுவது எண்ணெயில் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது இறுகாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் கருகும், மிச்சம் பசையாக நிற்கும். நல்லெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுறாக் கொழுப்பு. பழைய ஆட்கள் கல்லுக்கு நல்லெண்ணெய்தான் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். சூரியகாந்தி எண்ணெயும் ஆகும். ஆளிவிதை எண்ணெய் எல்லாவற்றையும் விடக் கெட்டியாக இறுகும். ஆனால் அந்தப் படலம் சில மாதத்தில் செதில் செதிலாக உரிந்து வருவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் நான் சொல்வதில்லை.

போன வருஷம் முட்டத்தில் இருக்கும் என் மைனியின் கல்லை எடுத்துச் செய்தேன். 12 அங்குலம், வார்ப்பிரும்பு, நல்ல கனம். கடல் காற்று நேராக அடிக்கும் வீடு. உங்கள் கல் எப்படி இருக்கிறதோ அதேபோல்தான் அதுவும் இருந்தது. "மக்களே, இது இனி சட்டி வைக்கத்தான் ஆகும்" என்று சொல்லித்தான் கையில் தந்தாள். அதை எப்படிச் செய்தேன் என்று அப்படியே சொல்கிறேன்.

முதலில் கரி, பிறகுதான் துரு. இந்த வரிசை மாறக்கூடாது. புளியும் வினிகரும் துருவைத்தான் கரைக்கும், எண்ணெய்க் கரியை ஒன்றும் செய்யாது. கரிக்கு அடியில் துரு ஒளிந்திருந்தால் புளித்தண்ணீர் அங்கே போய்ச் சேரவே சேராது. நீங்கள் தேய்த்தும் போகாததற்கு அதுதான் காரணம். கரி என்பது காலா காலமாக வழிந்து கருகிய எண்ணெய். அதற்குக் காரம் வேண்டும். அந்தக் காலத்தில் சாம்பலும் தேங்காய்த் தும்பும் வைத்துத் தேய்த்ததும் இதனால்தான். விறகுச் சாம்பல் காரம். ஆனால் பல வருஷக் கரிக்குச் சாம்பலின் வேகம் போதாது. மளிகைக் கடையில் கிடைக்கும் சலவைச் சோடா வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய எவர்சில்வர் அண்டாவில் கல் முங்கும் அளவு தண்ணீர் வைத்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் சலவைச் சோடா போட்டு, அரை மணி நேரம் கொதிக்க விட்டேன். அலுமினியப் பாத்திரம் எடுக்கவே கூடாது, சோடா அலுமினியத்தை அரித்துவிடும். கல் முங்கும் அளவுக்குப் பாத்திரம் இல்லை என்றால், பாதி முங்க வைத்து, அரை மணிக்குப் பிறகு திருப்பிப் போடுங்கள். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வந்தது. அடுப்பை அணைத்து, தண்ணீரோடு சேர்த்து ஆறவிட்டு எடுத்தேன். சூடான கல்லைப் பச்சைத் தண்ணீரில் வைத்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும், தகட்டுக் கல் வளைந்துவிடும். அப்புறம் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பழைய தோசைத் திருப்பியின் முனையால் விளிம்பைச் சுரண்டினேன். மேல் கரி ஓடு ஓடாகக் கழன்றது. அடிப்பக்கம் மட்டும் அசையவில்லை. அதற்கு இன்னொரு தடவை அதே கொதி. இரண்டாவது தடவைதான் அடியில் வார்ப்படக்காரர் போட்ட எண் கண்ணுக்குத் தெரிந்தது. மைனிக்கே அப்படி ஒரு எண் இருப்பது அதுவரை தெரியாது.

சிலர் கல்லைத் தூக்கி விறகு நெருப்புக்குள் போட்டுக் கரியை எரிக்கச் சொல்வார்கள். சிரட்டை போட்டு மூட்டிய தீ என்றால் இன்னும் மோசம், அதன் வேகம் அப்படி. கரி எரிந்துபோகும், உண்மை. ஆனால் ஒரு பக்கம் சிவக்கச் சிவக்கக் காய்ந்து மறுபக்கம் காயாமல் இருந்தால் கல் நெளியும். நெளிந்த கல்லில் எண்ணெய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், தோசை ஒரு பக்கம் வேகாது. அதைப் பிறகு யாராலும் சரி செய்ய முடியாது. காஸ்டிக் சோடாவும் வீட்டில் வேண்டாம். கையையும் கண்ணையும் பொசுக்கும்.

கரி முழுசாகப் போனதா என்பதற்கு ஒரு சோதனை. கல்லைக் கழுவி, மேலே தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவி நின்றால் எண்ணெய் போய்விட்டது. எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் இன்னும் பசை இருக்கிறது. நீங்கள் தடவிய தேங்காய் எண்ணெயும் இந்தச் சோடாவிலேயே போய்விடும்.

இனி துரு. வினிகர் இருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி. இல்லை என்றால் புளி. நான் புளிதான் எடுத்தேன், வீட்டில் போன வருஷத்துக் கறுத்த புளி இருந்தது. 100 கிராம் புளியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, கொட்டையும் கோதும் எடுக்காமல் அப்படியே கல் மேல் ஊற்றி, துணியை நனைத்து மேலே போர்த்தினேன். புளிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வினிகர் அரை மணி, முக்கால் மணியில் வேலையை முடித்துவிடும். எதுவானாலும் கால் மணிக்கு ஒரு தடவை எடுத்துத் தும்பு வைத்துத் தேய்த்துப் பாருங்கள். செந்துரு கரைந்து, தண்ணீர் செங்கல் நிறமாக வரும். கல்லின் சாம்பல் நிற உடம்பு தெரியும். கல்லில் இருந்து சின்னச் சின்னக் குமிழ் தொடர்ந்து வர ஆரம்பித்தால் துரு முடிந்து, புளிப்பு இரும்பையே தின்கிறது என்று அர்த்தம். உடனே எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் சொரசொரப்பான கருஞ்சாம்பல் கல்லோடு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கழுநீரிலும் கஞ்சித்தண்ணியிலும் ஊறப்போடுவது புதுக் கல்லுக்கான முறை. கடையில் இருந்து வரும் கல்லின் மேல் இருக்கும் கருந்தூளை இளக்க அது போதும். நாலு வருஷத் துருவுக்குப் போதாது. கல்லுப்பு வைத்துத் தேய்ப்பதும் நம் பக்கத்தில் உண்டு. உரசலுக்கு நல்லதுதான், ஆனால் உப்பு கொஞ்சம் மிச்சம் நின்றாலும் அதுவே மறுபடி துருவைக் கூப்பிடும். கடல் காற்றில் இருக்கும் உப்பே போதும், நாம் வேறு சேர்க்க வேண்டாம். தகட்டுக் கல்லாக இருந்து துரு தடிப்பாக நின்றால், 120 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். குழி குழியாக அரித்த இடங்களைச் சமமாக்க முயல வேண்டாம். குழிக்குள் செந்துரு இல்லாமல் இருந்தால் போதும், பழகப் பழக அது மூடிக்கொள்ளும்.

அடுத்த பத்து நிமிடம்தான் இந்த வேலையில் பலரும் தோற்கும் இடம். புளிப்பில் இருந்து எடுத்த இரும்பு பச்சைப் புண் மாதிரி. கழுவி வெயிலில் வைத்துவிட்டுப் போய் ஒரு சாயா குடித்து வந்தால், மேலே மஞ்சள் பூத்திருக்கும். புதுத் துரு அவ்வளவு வேகமாக வரும். அதனால் அடுப்பு, துணி, எண்ணெய் எல்லாவற்றையும் முன்னமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கல்லை ஒரு முக்கு, பிறகு நல்ல தண்ணீரில் ஒரு அலசு, துணியால் துடைப்பு, நேராக அடுப்பில். சிறு தீயில் ஐந்து நிமிடம். ஈரம் விலகும்போது கல்லின் நிறம் ஓரத்தில் இருந்து நடுவுக்கோ, நடுவில் இருந்து ஓரத்துக்கோ மாறிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியும். வெள்ளைத் துணியால் துடைத்தால் லேசாகச் சாம்பல் நிறம் வரலாம், சிவப்பு வரக்கூடாது. சிவப்பு வந்தால் திரும்பவும் புளிக்குப் போங்கள். அந்தச் சிவப்பின் மேல் எண்ணெய் தடவினால் இப்போது இருக்கும் நிலைமைக்கே வந்து நிற்பீர்கள்.

இனிதான் பழக்குவது. நல்லெண்ணெய் எடுங்கள். செக்கு எண்ணெய் என்றால் ஒரு சின்னக் கவனம்: செக்கில் எள்ளோடு கருப்பட்டியும் போட்டு ஆட்டுவார்கள், அதன் மண்டி பாட்டிலின் அடியில் நிற்கும். அந்த மண்டி கல்லில் புள்ளி புள்ளியாகக் கருகும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் கல்லில் அரை தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். 12 அங்குலக் கல்லின் மேல்பக்கத்துக்கு அதுவே தாராளம். பழைய பருத்தித் துணியால் மேல், விளிம்பு, அடி எல்லாம் தடவுங்கள். அப்புறம் இன்னொரு உலர்ந்த துணியை எடுத்து, தெரியாமல் எண்ணெய் சிந்திவிட்டது போல, தடவியது முழுவதையும் துடைத்து எடுங்கள். மினுமினுப்பு தெரியக்கூடாது. பார்ப்பதற்கு எண்ணெயே இல்லாதது போல் இருக்கும், அந்த அளவே போதும். நான் முதன்முதலில் ஒரு கல்லைப் பழக்கியபோது எண்ணெய் மினுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் திரண்டு, சிறுத்தைப் புள்ளி போல ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க மறுபடி சோடாவுக்கே போக வேண்டி வந்தது.

துடைத்த கல்லை நடுத்தரத் தீயில் வையுங்கள். ஜன்னல் கதவைத் திறந்து வையுங்கள், புகை வரும். புகை வர ஆரம்பித்து, சன்னமாகி, தானாக நிற்கும்வரை விட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். புகை வந்ததும் பயந்து அணைத்துவிட்டால் எண்ணெய் பாதியில் நிற்கும். பசை வருவது அப்படித்தான். கேஸ் அடுப்பில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் மட்டும் காயும், விளிம்பு காயாது. அதனால் கல்லை நடுவில் வைத்துவிட்டுப் போகாமல், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை நகர்த்தி, நாலு விளிம்பும் மாறி மாறித் தீக்கு மேல் வரும்படி செய்யுங்கள். புகை அடங்கியதும் அணைத்து, கை பொறுக்கும் அளவு ஆறவிட்டு, மறுபடி அரை தேக்கரண்டி, மறுபடி துடைப்பு, மறுபடி தீ.

மைனியின் கல்லுக்கு ஆறு சுற்று ஓடியது. முதல் சுற்றில் சாம்பல் நிறம் போய் லேசான தேன் நிறம். இரண்டாவதில் திட்டுத் திட்டாகத் தவிட்டு நிறம். பார்க்க அசிங்கமாக இருக்கும், மனசு விட வேண்டாம். நாலாவதில் பனங்கருப்பட்டி நிறம் ஒரே சீராக வந்தது. ஆறாவது முடிந்தபோது கரும்பழுப்பு. விரலால் தடவினால் வழுவழு என்று இருந்தது, ஆனால் விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. சரியாகப் பழகியது இந்த இரண்டும் சேர்ந்தால்தான். ஜெட் கறுப்பு முதல் நாளே வராது, அது தோசை சுட்டுச் சுட்டு வரும். ஒரே நாளில் ஆறும் செய்ய முடியாவிட்டால் மூன்று நாளில் இரண்டிரண்டாகச் செய்யலாம், நடுவில் தண்ணீர் மட்டும் படக்கூடாது.

எந்தச் சுற்றிலாவது பசை வந்தால் எண்ணெய் சேர்க்காமல் இன்னும் கால் மணி நேரம் காய்ச்சுங்கள். பெரும்பாலும் இறுகிவிடும். இறுகாவிட்டால் எண்ணெய் அதிகம் நின்றுவிட்டது, தும்பால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு மேலே தொடரலாம். படலம் செதிலாகப் பெயர்ந்தால் அடியில் கரியோ பசையோ மிச்சம் இருந்திருக்கிறது, அதற்கு மட்டும் ஆரம்பத்தில் இருந்து வர வேண்டும்.

வெங்காயம் தேய்த்தால்தான் கல் பழகும் என்பார்கள். பாதியாக வெட்டிய வெங்காயம் எண்ணெயைச் சன்னமாகப் பரப்ப அருமையான தூரிகை, சூட்டைப் பொறுக்கும், சீறலைக் கேட்டு கல்லின் சூடும் தெரியும். ஆனால் படலம் உண்டாக்குவது எண்ணெய்தான். இந்த ஆறு சுற்றில் வெங்காயத்துக்கு வேலை இல்லை, ஈரம் வேறு. தோசை சுடும்போது தேயுங்கள்.

முதல் நாளே முறுகல் தோசைக்கு ஆசைப்பட வேண்டாம். முதலில் இரண்டு மூன்று தடித்த ஊத்தப்பம், வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நல்லெண்ணெய் விட்டு. முதல் ஒன்றின் அடியில் சாம்பல் நிறம் பிடிக்கலாம், இரும்பு ருசி இருக்கும், அதைச் சாப்பிட வேண்டாம். இரண்டாவதில் குறையும். தோசை எடுக்க வரவில்லை என்றால் திருப்பியால் பிராண்டாதீர்கள். இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். அடி சிவந்தால் தானே விட்டுக்கொடுக்கும். கல் ரொம்பக் காய்ந்து இருந்தாலும் மாவு சுருண்டு கரண்டியோடு வரும், அப்போது தண்ணீர் தெளித்துத் துடைத்துச் சூட்டைக் குறையுங்கள். முதல் பத்து நாள் தக்காளி, புளி சேர்ந்த எதையும் இந்தக் கல்லில் வதக்க வேண்டாம். புளிப்பு புதுப் படலத்தை இளக்கும். தோசை மாவும் புளிப்புதான், ஆனால் அது கல்லில் ஓரிரு நிமிடம்தான் இருக்கிறது. மாவு ஒட்டிய கல்லை ராத்திரி முழுக்க அப்படியே விடுவதுதான் கெடுதல். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லாமல் வெறும் சூட்டில் காய்ந்துகொண்டே இருந்தால் படலம் வெந்து போகும், உதிரும் மாவும் கருகி ஒட்டும். மைனியின் கல் முதல் தடவை கெட்டதே அப்படித்தான்.

கழுவுவதற்கு வெந்நீரும் தும்பும் போதும். எண்ணெய் வாடை அடித்தால் ஒரு துளி சோப்பு போடலாம், சரியாக இறுகிய படலம் அதற்குப் போகாது. ஸ்டீல் நார் மட்டும் வேண்டாம். கழுவியதும் துடைத்தால் போதாது, அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்து ஈரத்தை ஓட்ட வேண்டும்.

எடுத்து வைக்கும் முறையில்தான் குளச்சலும் முட்டமும் உள்நாட்டு ஊர்களில் இருந்து வேறுபடும். நமக்கு ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் மழை, நடுவில் உப்புக் காற்று. தினம் தோசை சுடுகிற கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரத்துக்கு மேல் சும்மா கிடக்கும் என்றால் மேலே ஒரு பூச்சு வேண்டும். அதற்குத்தான் உங்கள் தேங்காய் எண்ணெய். இறுகாத குணம்தான் பழக்குவதற்கு அதைக் கெடுத்தது. அதே குணத்தால், மாசக் கணக்கில் பூசி வைத்தாலும் நல்லெண்ணெய் போல ஒட்டும் பசையாக மாறாது. ஆறிய கல்லில் நாலு சொட்டு விட்டு, மேலும் அடியும் தடவி, துடைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி அடுக்களைக்கு உள்ளே, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் செங்குத்தாக வையுங்கள். சாய்ப்பிலோ, கடலைப் பார்த்த சுவரிலோ ஆணி அடித்துத் தொங்கவிட வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். திரும்ப எடுக்கும்போது சூடாக்கி, அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, நல்லெண்ணெயில் ஒரு சுற்று மட்டும் காய்ச்சிவிட்டு மாவை ஊற்றலாம்.